மரண வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் மனு வேண்டாம்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், தலைவிமார், செயலாளர்களுக்கான வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



முந்திய வகுப்புகளில் மனு எழுதுவது, பிணக்கு பற்றி முகாமையாளருக்கு அறிவிப்பது, தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு கொடுப்பது என்று பல வகைக் கடிதங்களைப் பார்த்தோம். இன்று நாம் எடுத்துக்கொள்வது அனுதாபக் கடிதம். சங்கத்தோடு தொடர்பில் இருக்கும் ஒருவருடைய வீட்டில் மரணம் நடந்துவிட்டது. அவருக்கு நாம் நாலு வரி எழுத வேண்டும். அதை எப்படி எழுதுவது என்பதுதான் விஷயம்.

கேத வீட்டுக்குப் போகிற முறையை நமக்கு எவரும் படித்துக் கொடுக்கத் தேவையில்லை. லயத்தில் ஒரு சாவு விழுந்தால் அரை மணித்தியாலத்துக்குள் யார் விறகு கொண்டு வருவது, யார் குழி வெட்டப் போவது, யார் டவுனுக்குப் போய்ப் பெட்டி பேசுவது என்று எல்லாம் முடிவாகிவிடும். அடுத்த காம்பராவில் அடுப்பு எரியும், பக்கத்து வீட்டுப் பிள்ளை தேத்தண்ணீர் தூக்கிக்கொண்டு ஓடும். பெண்கள் உள்ளே போய்க் கட்டிப்பிடித்து அழுவார்கள், ஆண்கள் வாசலில் வாங்கில் உட்கார்ந்து எதுவும் பேசாமல் இருப்பார்கள். யாரும் அங்கே போய்த் தன் கணக்கைப் பேசுவதில்லை. கொடுத்த கடனைக் கேட்க வேண்டுமென்றாலும் கருமாதி முடியட்டும் என்று பொறுத்திருப்பது நம் வழக்கம்.

நேரில் போனால் இவ்வளவு பக்குவமாக நடக்கும் நாம் பேனாவை எடுத்ததும் வேறு ஆளாகிவிடுகிறோம். அதற்குக் காரணம் உண்டு. வருடம் முழுவதும் நாம் எழுதுவது கோரிக்கைக் கடிதம். லயத்துக் கூரை ஒழுகுகிறது, பாதை உடைந்துவிட்டது, அரைப் பேர் போட்டுவிட்டார்கள், செக்ரோலில் நாள் குறைகிறது. எல்லாக் கடிதத்துக்கும் கடைசி வரி ஒன்றுதான்: "உரிய நடவடிக்கை எடுக்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறோம்." கை அந்த வரிக்குப் பழகிவிட்டது. செயலாளர்மார் சிலருக்கு அந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போடவே வராது. அனுதாபக் கடிதத்திலும் அது எப்படியாவது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு நிலைமையை எடுத்துப் பார்ப்போம். தோட்டத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். உங்கள் தோட்டத்தில் நடக்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தோட்டத்தின் பெரிய கிளாக்கருடைய தாய் இறந்துவிட்டார். கிளாக்கர் வெளியிலிருந்து வந்தவர் அல்ல. அதே தோட்டத்துப் பணிய லயத்தில் பிறந்து, படித்து, ஆபிசுக்குப் போனவர். தாய் பல வருடம் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தவர். அவரை ஊரே ஆயம்மா என்றுதான் கூப்பிடும். இந்த நேரத்தில் கிளாக்கருடைய மேசையில் நம் அங்கத்தவர் ஒன்பது பேருடைய சேவைக்காலப் பணக் கோவை கிடக்கிறது. அவர்கள் வேலையிலிருந்து நின்று மாதக்கணக்காகிறது. அதில் ஒரு அம்மா தன் கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்ய அந்தக் காசைத்தான் நம்பியிருக்கிறார். அவருக்கு நாள் போகப் போகப் பார்வை மங்குகிறது. இதை அற்ப விஷயம் என்று எவரும் சொல்ல முடியாது.

கமிட்டி கூடுகிறது. செயலாளர் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வருகிறார். அது இப்படி இருக்கிறது:

"எமது இல: 14. ஐயா, தங்களது அன்புத் தாயார் அமரத்துவம் எய்திய செய்தி கேட்டு ஆறாத் துயரத்தில் ஆழ்ந்துள்ளோம். அன்னாரின் மறைவு ஈடுசெய்ய முடியாத பேரிழப்பாகும். அன்னாரின் பிரிவால் துயருறும் தங்களுக்கும் குடும்பத்தாருக்கும் எமது கிளையின் ஆழ்ந்த அனுதாபங்கள். தாங்கள் மனந்தேறி விரைவில் கடமைக்குத் திரும்பி, நிலுவையிலுள்ள எமது அங்கத்தவர் ஒன்பது பேரின் கோவையையும் துரிதப்படுத்துவீர்கள் என நம்புகிறோம். பிரதி: தோட்ட முகாமையாளர்."

செயலாளரிடம் கெட்ட எண்ணம் கிடையாது. அந்த அம்மாவின் கண்ணை நினைத்துத்தான் கடைசி வரியை எழுதியிருக்கிறார். ஆனால் இந்தக் கடிதம் போய்ச் சேர்கிற இடத்தில் இருந்து பார்க்க வேண்டும். தாயை மண்ணில் வைத்துவிட்டு வந்த மனுஷன் கடிதத்தைப் பிரிக்கிறார். முதல் மூன்று வரியில் கண் நிற்காது, ஏனென்றால் அது எல்லா மரண அறிவித்தலிலும் இருக்கிற வரி. நாலாவது வரியில் வந்து நிற்கும். நின்றவுடன் அவர் மனதில் என்ன ஓடும்? "ஓ, இதற்காகத்தான் எழுதியிருக்கிறார்கள்." அந்த நினைப்பு வந்த பிறகு முதல் மூன்று வரியும் பொய்யாகிவிடுகிறது. அனுதாபம் முழுவதும் அந்த ஒரு வரிக்குப் போட்ட பாய் மாதிரி ஆகிவிடும்.

கமிட்டியில் ஒருவர் சொல்கிறார்: "சரி, கடைசி வரியை வெட்டிவிடுவோம், ஆனால் 'விரைவில் கடமைக்குத் திரும்ப' என்பது இருக்கட்டும், அது ஆறுதல்தானே." அதுவும் கேட்பதுதான், தோழர்களே. இவர் எப்போது வேலைக்கு வருவார் என்று நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதை அது சொல்லிவிடுகிறது. கோரிக்கை எப்போதும் "கேட்டுக்கொள்கிறோம்" என்ற உடுப்பில் வருவதில்லை. "உங்கள் பதிலை எதிர்பார்த்து" என்று முடிப்பது ஒரு கோரிக்கை. "என்ன வருத்தம், எந்த ஆஸ்பத்திரியில் வைத்திருந்தீர்கள், டாக்டர் என்ன சொன்னார்" என்று எழுதிக் கேட்பது ஒரு கோரிக்கை. அவர் அந்தக் கதையை இன்னொரு தடவை எழுத வேண்டும். "அம்மாவின் ஒரு படம் அனுப்புங்கள், சங்கத்தின் பெயரில் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கிறோம்" என்பதும் கோரிக்கைதான். பேனர் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இறந்தவரின் முகத்தைவிட அஞ்சலி செலுத்துகிறவரின் முகம் பெரிதாக இருக்கிற பேனர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதைப் பார்த்து வாசலில் நிற்கிறவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

"என்ன உதவி வேண்டுமானாலும் சொல்லுங்கள்" என்ற வரி நல்ல வரி மாதிரித் தெரியும். எழுதுகிறவர் மனதிலிருந்துதான் எழுதுகிறார். ஆனால் அது துக்கத்தில் இருப்பவருக்கு ஒரு வேலையைக் கொடுக்கிறது. அவர் யோசித்து, வெட்கத்தை விட்டு, நம்மைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அநேகமாக எவரும் கேட்க மாட்டார்கள். செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் செய்துவிடுவது மேல். எழுதுவதானால் செய்ததை ஒரு வரியில் எழுதலாம், செய்யாததை வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

இனி அந்த முதல் மூன்று வரிக்கு வருவோம். கோரிக்கையை எடுத்துவிட்டால் மட்டும் கடிதம் சூடு பெறாது. "ஈடுசெய்ய முடியாத பேரிழப்பு" என்று அமைச்சருக்கும் எழுதலாம், ஆயம்மாவுக்கும் எழுதலாம். எவருக்கும் பொருந்துகிற வரி ஒருவரையும் தொடாது. அந்தக் கடிதத்தில் ஆயம்மா எங்கே இருக்கிறார்? "அன்னார்" என்ற சொல்லுக்குள் மறைந்துபோய்விட்டார். அவர் பிள்ளைக்காம்பராவில் இருந்தவர் என்பதுகூட இல்லை. இத்தனைக்கும் அந்தக் கமிட்டியில் இருக்கிறவர்களில் பாதிப் பேர் அவர் ஆட்டிய தொட்டிலில் தூங்கினவர்கள்!

ஆகவே கமிட்டியில் செய்ய வேண்டியது இதுதான். கடதாசியை மடித்து வைத்துவிட்டு, சுற்றி உட்கார்ந்து, ஆயம்மாவைப் பற்றி யாருக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று பேச வேண்டும். பத்து நிமிடம் போதும். செயலாளர் எழுதாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒருவர் திரிபோஷா உருண்டையைப் பற்றிச் சொல்லுவார். ஒரு தலைவி, தான் பிள்ளை பெற்று மலைக்குத் திரும்பிய முதல் நாளைப் பற்றிச் சொல்லுவார். இன்னொருவர் தன்னை ஆயம்மா அடித்த கதையைச் சொல்லிச் சிரிப்பார். இவற்றில் ஒன்றையோ இரண்டையோ எடுத்தால் போதும். எல்லாவற்றையும் எழுதினால் அது வாழ்க்கை வரலாறாகிவிடும்.

எடுக்கும்போது ஒரு கவனம் வேண்டும். அந்த ஞாபகத்தில் இறந்தவர் ஏதாவது செய்கிறவராக, பேசுகிறவராக இருக்க வேண்டும். "அன்பானவர், பண்பானவர், எல்லோருக்கும் உதவுபவர்" என்று எழுதினால் கண்ணில் எதுவும் தெரியாது. அவர் நனைந்த தாய்க்குத் துண்டு கொடுத்தார் என்று எழுதினால் தெரியும். இன்னொன்று: மகனுக்குத் தெரியாத ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது. வீட்டில் இருந்த தாயை அவருக்குத் தெரியும். பிள்ளைக்காம்பராவில் காலை ஏழு மணியிலிருந்து இருந்த தாயை நமக்குத்தான் தெரியும். அதை அவரிடம் கொடுக்கிறோம். நாம் கொடுக்கக்கூடியதில் அவர் வேறெங்கும் வாங்க முடியாதது அது ஒன்றுதான்.

இப்படிப் பேசி முடித்த பிறகு எழுதினால் கடிதம் ஏறக்குறைய இப்படி வரும்:

"அன்புள்ள கிளாக்கர் ஐயாவுக்கு,

ஆயம்மா காலமான செய்தி செவ்வாய்க்கிழமை காலை பெரட்டில் எங்களுக்குத் தெரிய வந்தது. அன்றைக்கு மலையில் பேச்சு முழுவதும் அவரைப் பற்றித்தான்.

கீழே கையெழுத்து வைத்திருக்கும் ஏழு பேரில் நாலு பேர் அவர் ஆட்டிய தொட்டிலில் தூங்கினவர்கள். மற்ற மூன்று பேர் தங்கள் பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டு மலைக்குப் போனவர்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்க நாங்கள் ஓடி வரும்போது, வாசலில் நின்று தூரத்திலேயே கையைக் காட்டி, 'பதறாம வா, பிள்ளை தூங்குது' என்று சொல்லுவார். மழை நாளில் நனைந்த சேலையோடு பிள்ளையைத் தூக்க விடமாட்டார். தன் துண்டைக் கொடுத்து முதலில் துடைக்கச் சொல்லுவார். அந்தத் துண்டு அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்து எப்போதும் சூடாக இருக்கும்.

அவர் இல்லை என்பது எங்களுக்கும் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. உங்களுக்கும் அக்காமாருக்கும் எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

அன்புடன்,"

அதற்குக் கீழே ஏழு பேருடைய பெயர். பதவி இல்லை, அங்கத்துவ இலக்கம் இல்லை.

இதை முதல் கடிதத்தோடு வைத்துப் பாருங்கள். "எமது இல" போய்விட்டது. "பிரதி: முகாமையாளர்" போய்விட்டது, தாயை இழந்தவருக்கு எழுதுவதை முகாமையாளருக்கு ஏன் காட்ட வேண்டும்? சங்கத்தின் தலைப்பு அடித்த கடதாசியில் எழுதாமல் சாதாரணக் கோடு போட்ட கடதாசியில், கையால் எழுதுவது நல்லது. ரப்பர் சீல் வேண்டாம். சீல் குத்தினால் அது ஒரு கோவைக்குரிய கடிதமாகிவிடும். அவரும் ஆபிஸ்காரர்தான், சீலைக் கண்டதும் தேதி போட்டு ஃபைல் பண்ணத் தோன்றும்.

கூப்பிடும் முறையைப் பற்றி ஒரு கேள்வி வரும். தலைவிக்கு வயது அறுபது. கிளாக்கரைச் சின்னப் பிள்ளையாகத் தூக்கி வைத்திருந்தவர். அவர் "தம்பி" என்று எழுதலாமா? நேரில் அவர் எப்படிக் கூப்பிடுகிறாரோ அப்படியே எழுதட்டும். ஆபிசில் ஐயா, கோயிலில் தம்பி என்று இரண்டு விதமாகக் கூப்பிடுகிறவராக இருந்தால், தனியாக எழுதும் கடிதத்தில் தம்பி என்றே எழுதலாம். எல்லோரும் சேர்ந்து எழுதுகிற கடிதத்தில் ஐயா என்பதே சரி. துக்கத்தைக் காரணமாக வைத்துத் திடீரென்று உறவு கொண்டாடினாலும் அவருக்கு உறுத்தும், இதுவரை தம்பி என்றவர் திடீரென்று "தங்களுக்கு" என்று எழுதினாலும் உறுத்தும்.

எப்போது கொடுப்பது? செய்தி கேட்ட அன்றே நாம் நேரில் போய்விடுவோம், அது வழக்கம். கடிதம் அன்றைக்கு வேண்டாம். அந்த வீட்டில் அன்றைக்கு எவருக்கும் வாசிக்க நேரமில்லை. அடக்கம் முடிந்து, வந்த உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகப் பஸ் ஏறிப் போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்குமே, அந்த நாளில் போய்ச் சேரட்டும். எட்டுக்கும் பதினாறுக்கும் இடையில் என்று வைத்துக்கொள்ளலாம். ஆபிஸ் மேசையில் வைக்கக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொண்டுபோகிறவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஒன்பது பேரின் கோவை விஷயமாக வாரா வாரம் ஆபிசுக்கு ஏறி இறங்குகிற செயலாளர் கொண்டுபோனால், அவர் வாய் திறக்காவிட்டாலும் அவர் முகமே கோவையை ஞாபகப்படுத்தும். தலைவி கொண்டுபோகட்டும்.

அப்படியானால் அந்த ஒன்பது பேர்? கண் தெரியாமல் போகிற அந்த அம்மா? இதைக் கேட்காமல் விட்டால் இந்த வகுப்பு வெறும் நல்ல பேச்சாகத்தான் இருக்கும்.

சேவைக்காலப் பணம் கொடுக்க வேண்டியவர் கிளாக்கர் அல்ல. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி அந்தக் கடமை தொழில்கொள்வோருடையது, அதாவது கம்பனியுடையது. வேலையிலிருந்து நின்று 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. கிளாக்கர் கணக்குப் போடுகிறவர், கையெழுத்துக்கு வைக்கிறவர். அவர் லீவில் இருந்தால் அந்த வேலையை வேறு ஆளைக் கொண்டு செய்விப்பது முகாமையாளரின் பொறுப்பு. ஆகவே மரணம் நடந்த அதே வாரத்திலும் செயலாளர் முகாமையாளருக்கு எழுதலாம், எழுதவும் வேண்டும். அது தலைப்புக் கடதாசியில், இலக்கம் போட்டு, சீல் குத்தி, ஒன்பது பேருடைய பெயர், சேவை தொடங்கிய நாள், நின்ற நாள் எல்லாம் எழுதிய கடிதம். அதில் கிளாக்கருடைய வீட்டுத் துக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். "கிளாக்கர் இல்லாததால் தாமதம்" என்றும் எழுத வேண்டாம். அப்படி எழுதினால் தாய் செத்து வீட்டில் இருப்பவர் மேல் முறைப்பாடு கொடுத்த மாதிரி ஆகிவிடும். 30 நாள் கடந்துவிட்டது, எப்போது கொடுப்பீர்கள் என்று கேட்டால் போதும். கொடுக்காவிட்டால் தொழில் திணைக்களத்துக்குப் போகிற பாதை இருக்கிறது, அதை முந்திய வகுப்பில் பார்த்தோம்.

இரண்டு பாதையும் ஒன்றையொன்று தொடாமல் போக வேண்டும். கிளாக்கர் வேலைக்குத் திரும்பிய பிறகு செயலாளர் அவரைப் பார்க்கப் போவார். அப்போதும் "உங்கள் அம்மாவுக்கு நாங்கள் கடிதம் எழுதினோமே" என்ற பேச்சு வரக் கூடாது. முன்பு கேட்டது மாதிரியே கேட்க வேண்டும். அவர் இழுத்தடித்தால் முன்பு எதிர்த்தது மாதிரியே எதிர்க்க வேண்டும். கடிதம் எழுதியதால் நம் பக்கம் சாய வேண்டும் என்று அவருக்குக் கடமை எதுவும் இல்லை. அந்தக் கணக்கு நம் மனதில் இருந்தால் அது எழுதும்போதே கையில் வந்துவிடும்.

இன்னொரு விதமான செய்தி இருக்கிறது. இதை எழுதுகிற சந்தர்ப்பம் இப்போது தோட்டங்களில் அதிகம். தாய் தோட்டத்தில் இறந்துபோகிறார். மகள் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார். லீவு கிடைக்காது, டிக்கெட்டுக்குக் காசு கிடையாது, முதலாளி பாஸ்போர்ட்டை வைத்திருப்பார். அவர் வர மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கு ஒரு செய்தி போக வேண்டும்.

பெரும்பாலும் என்ன போகிறது என்று பார்த்தால், "அம்மா போய்ட்டா. பெட்டிக்கு, பந்தலுக்கு, சாப்பாட்டுக்கு இவ்வளவு முடிஞ்சது. கருமாதிக்கு இன்னும் இவ்வளவு வேணும். சீக்கிரம் அனுப்பு." காசு வேண்டியதுதான், பொய் இல்லை. ஆனால் சாவுச் செய்தியும் பில்லும் ஒரே குரல் பதிவில் போகக் கூடாது. அந்தப் பிள்ளை யாரோ ஒருவருடைய குசினியில் நின்று, பாத்திரம் கழுவுகிற இடத்தில் இதைக் கேட்கப் போகிறது. அழுவதற்குக்கூட அங்கே இடமிருக்காது.

குடும்பத்துக்காரர்கள் காசுப் பேச்சைப் பேசிக்கொள்வார்கள். அது அவர்கள் வீட்டு விஷயம். கமிட்டியிலிருந்து, அல்லது அடுத்த காம்பராவிலிருந்து நாம் அனுப்புகிற செய்தியில் காசு பற்றி எதுவும் வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது வேறு. வராமல் போனவர் தெரிந்துகொள்ள ஏங்குவது அன்றைக்கு என்ன நடந்தது என்பதை. அம்மாவுக்கு எந்தச் சேலை கட்டினார்கள், யார் நீர்மாலை எடுத்தார்கள், தான் போட வேண்டிய வாய்க்கரிசியை யார் போட்டார்கள், மழை பெய்ததா, எத்தனை பேர் வந்தார்கள், எந்த இடத்தில் அடக்கம் செய்தார்கள், அப்பா சாப்பிட்டாரா. இவற்றை நிதானமாக, குரலில் சொல்லி அனுப்ப வேண்டும். எழுத்தைவிடக் குரல் நல்லது, இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு திரும்பத் திரும்பக் கேட்கலாம்.

ஒரு மாதிரி சொல்கிறோம். "பிள்ளை, நான் உன் பக்கத்துக் காம்பரா அக்கா பேசுறேன். அம்மாவுக்கு நீ அனுப்புன அந்தப் பச்சைச் சேலையைத்தான் கட்டுனோம். உன் பேரைச் சொல்லி உன் சின்னம்மா வாய்க்கரிசி போட்டா. மழை விட்டிருந்திச்சு. கருப்பந்தேயிலை மரத்துக்குப் பக்கத்துல, உன் தாத்தாவுக்குக் கிட்டவே வச்சிருக்கு. அப்பா ராத்திரி கொஞ்சம் கஞ்சி குடிச்சாரு. உன் மகனை நான்தான் பக்கத்துல படுக்க வச்சுக்கிட்டேன், தூங்கிட்டான். நீ இப்ப ஒண்டும் பேச வேணாம். பேசணும்னு தோணுற நேரம் கூப்புடு, தோணலன்னா விடு." இவ்வளவுதான். இதில் ஒரு ஆறுதல் வார்த்தைகூட இல்லை, கவனித்தீர்களா? "அழாதே" என்றுகூடச் சொல்லவில்லை. "அழாதே" என்பதும் ஒன்றைச் செய்யச் சொல்லுவதுதானே.

"நீ இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்", "கடைசி வரைக்கும் உன்னைத்தான் தேடினா" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையாக இருந்தாலும் அதை இப்போது சொல்ல வேண்டாம். அந்தப் பிள்ளை அதைச் சுமந்துகொண்டு இன்னும் ஒன்றரை வருடம் ஒப்பந்தத்தை முடிக்க வேண்டும். ஊருக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, கேட்டால் சொல்லலாம்.

நம்மோடு தொடர்பில் இருக்கிற எல்லோரும் நம் கோயிலுக்கு வருகிறவர்கள் அல்ல. தொழில் காரியாலயத்தில் இருக்கும் உத்தியோகத்தர் சிங்களவராக இருப்பார். டவுனில் நம் நோட்டீஸ் அடித்துத் தருகிற அச்சகக்காரர் முஸ்லிமாக இருப்பார். "ஆன்மா இறைவனடி சேர" என்ற வரி அவர்கள் வீட்டுக்குப் பொருந்தாது. பௌத்த வீட்டில் "நிவன் சுவ லபேவா" என்பார்கள். நிர்வாண சுகம் கிடைக்கட்டும் என்று அர்த்தம். ஏழாம் நாள் தானம் கொடுப்பார்கள். அழைத்தால் போக வேண்டும், வெள்ளை உடுப்பு நல்லது. முஸ்லிம் வீட்டில் ஜனாஸாவைத் தாமதிக்காமல், முடிந்தால் அன்றைக்கே அடக்கிவிடுவார்கள். நாளைக்குப் போகலாம் என்று இருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். மாலையும் ஊதுபத்தியும் கொண்டுபோக வேண்டாம். அந்தந்த மார்க்கத்தின் சொல் சரியாகத் தெரிந்தால் சொல்லலாம். அரைகுறையாகத் தெரிந்தால் விட்டுவிட்டு, "உங்கள் வாப்பாவைப் பற்றி எங்களுக்கு ஞாபகம் இருப்பது இது" என்று நம் பாஷையில் எழுதுவது மேல். நமக்குச் சிங்களம் எழுத வராவிட்டால், எழுதத் தெரிந்த நம் வாலிபர் ஒருவரிடம் கொடுத்து எழுதச் சொல்லலாம். எழுதியதை இன்னொருவரிடம் வாசித்துக் காட்டிச் சரி பார்த்துக்கொள்ளுங்கள். மரணக் கடிதத்தில் எழுத்துப் பிழையை மன்னிப்பார்கள். இறந்தவரின் பெயரைப் பிழையாக எழுதினால் மன்னிப்பது கஷ்டம். தமிழானாலும் சரி, சிங்களமானாலும் சரி, பெயரையும் உறவையும் கேட்டு உறுதிப்படுத்தாமல் எழுதக் கூடாது. மாமியாரை அம்மா என்று எழுதி அனுப்பிய கடிதங்களும் உண்டு.

போனில் வாட்ஸ்அப் வந்த பிறகு எல்லோரும் ஒரு பூவும் விளக்கும் உள்ள படத்தை அனுப்பிவிட்டு இருந்துவிடுகிறோம். குழுவில் ஒருவர் அதைப் போட்டதும் நாற்பது பேர் அதையே போடுகிறார்கள். அந்த நாற்பதுக்கு நடுவில் ஒருவர் நாளைய கூட்டத்தின் நேரத்தை அறிவிப்பார். குழுவில் போடுவதை விட்டுவிட்டு, அந்த ஆளுக்குத் தனியாக, அவரோடு கடைசியாக என்ன பேசினோமோ அதற்குக் கீழேயே இரண்டு வரி எழுதுங்கள். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அனுப்புவதற்கு முன் அந்தத் திரையில் மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். "ஐயா, எங்கட விஷயம் என்ன ஆச்சு?" என்று போன வாரம் நீங்கள் அனுப்பியது மேலே நின்றால், அதற்குக் கீழே போகிற அனுதாபமும் அந்தக் கேள்வியின் வால் மாதிரித்தான் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் போனை வைத்துவிட்டுக் கடதாசியை எடுங்கள்.

முப்பத்தொன்று முடிந்ததும் எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஒரு வருடம் கழித்துத் திதி வருகிற மாதத்தில், "இந்த மாதம் ஆயம்மா ஞாபகம் வந்தது" என்று ஒரு வரி எழுதினால் போதும். அதற்குக் கமிட்டி கூட வேண்டியதில்லை, தீர்மானம் வேண்டியதில்லை. யாருக்கு ஞாபகம் வருகிறதோ அவர் எழுதட்டும்.

செயலாளர்மார் கேட்கப் போகிற கேள்விக்கும் சொல்லிவிடுகிறோம். அந்தக் கடிதத்தின் பிரதியைக் கோவையில் போடத் தேவையில்லை. அறிக்கைப் புத்தகத்தில் "அனுதாபம் தெரிவிக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதினால் போதும், என்ன எழுதினோம் என்பது அந்த வீட்டில் இருக்கட்டும்.